பேக்டெஸ்டில் 13, கலைத்துப் பார்த்தால் 32: கோத்தகிரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரிக்குப் பக்கத்தில் நான்கு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒருவரும், கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கும் அவருடைய அக்கா மகனும் 2024 கடைசியில் சேர்ந்து ஒரு டிரேடிங் முறையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பணம் மாமாவுடையது, பதினொன்றரை லட்சம். புரோகிராம் மருமகனுடையது. கோவையில் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் டீலராக இருந்த பழக்கத்தில் எனக்கு இருவரையும் தெரியும். லைவ் போவதற்கு முன் கணக்கை ஒருமுறை பார்த்துத் தரும்படி கேட்டார்கள். பெயரும் தோட்டம் இருக்கும் சரியான ஊரும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு இதை எழுத இருவரும் சம்மதித்திருக்கிறார்கள்.

முறை எளிமையானது. முந்தைய ஏழு நாட்களிலேயே மிகக் குறைந்த ஏற்ற இறக்கத்தோடு நிஃப்டி முடிந்த நாளுக்கு மறுநாள் மட்டும் டிரேட். காலை முதல் அரை மணி நேரத்தின் உச்சத்தையோ தாழ்வையோ விலை உடைத்தால், உடைத்த பக்கம் ஃப்யூச்சர்ஸில் நுழைய வேண்டும். எதிர்ப் பக்கத்தில் நஷ்டத்தை வெட்டும் ஸ்டாப்லாஸ், அன்றைக்கே வெளியேற்றம். இதையே பேங்க் நிஃப்டியிலும் அதே நாளில் செய்தார்கள். இந்த இரண்டாவது டிரேட்தான் பின்னால் வரப்போகும் விஷயத்துக்கெல்லாம் வேர்.

இந்த விதிகளைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்டில், 2021 முதல் 2024 வரை நான்கு வருடத்துக்கு 150 நாட்களில் 240 டிரேடுகள் கிடைத்தன.

ரூபாயை விட்டு ஆருக்கு மாறியது

முதலில் வந்த தாளில் லாப நஷ்டம் எல்லாம் அந்தந்தக் காலத்து ரூபாயில் இருந்தது. இதை அப்படியே வைத்து டிரேடுகளின் வரிசையைக் கலைத்துப் பார்த்தால் கணக்கு கெட்டுவிடும். நிஃப்டி லாட், அதாவது ஒரு ஒப்பந்தத்தின் அளவு, 2021-ல் 75-லிருந்து 50 ஆனது, 2024 ஏப்ரலில் 25 ஆனது, 2024 நவம்பரில் மறுபடி 75. அதே நூறு புள்ளி நஷ்டம் ஒரு வருடத்தில் 5,000 ரூபாயாகவும் இன்னொரு வருடத்தில் 2,500 ஆகவும் பதிவாகியிருக்கும். தொடர் நஷ்டம் சின்ன லாட் காலத்தில் வந்திருந்தால் டிராடவுன், அதாவது உச்சத்திலிருந்து வரும் இறக்கம், பொய்யாகச் சிறுத்துப்போகும்.

அதனால் ஒவ்வொரு டிரேடையும் அதன் ஸ்டாப்லாஸ் தூரத்தால் வகுத்தார்கள். ஸ்டாப் அடித்தால் போகும் தொகை ஒரு ஆர். ஸ்டாப்பைப் போல இரண்டு மடங்கு கிடைத்தால் +2 ஆர். செலவையும் அன்றைய புதிய விகிதத்துக்கு மாற்றினார்கள். ஃப்யூச்சர்ஸ் விற்பனை மீதான எஸ்.டி.டி. எனும் பரிவர்த்தனை வரி 2024 அக்டோபர் 1 முதல் 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 ஆனது. நாம் போகப்போவது புதிய விகிதத்தில், ஆகவே பழைய டிரேடுகளுக்கும் அதுவே.

இப்படிச் சரிசெய்த பிறகு கிடைத்த படம் இது: 96 டிரேடுகளில் லாபம், சராசரி 1.8 ஆர். 144-ல் நஷ்டம், சராசரி 1 ஆர். நான்கு வருட மொத்தம் கிட்டத்தட்ட 29 ஆர். உச்சத்திலிருந்து அதிகபட்ச இறக்கம் 13 ஆர்.

மாமாவின் திட்டம்

அவர் திட்டமிட்டது இரண்டு இன்டெக்ஸிலும் இரண்டிரண்டு லாட். ஒரு லாட்டுக்கு சராசரி ஸ்டாப் நிஃப்டியில் 100 புள்ளி, பேங்க் நிஃப்டியில் 250 புள்ளி. அப்போதைய 75, 30 லாட்டுக்கு இரண்டுமே 7,500 ரூபாய். இரண்டு லாட் என்றால் ஒரு ஆர் 15,000. பழைய டிராடவுன் 13 ஆர் என்றால் 1.95 லட்சம்.

மார்ஜின், அதாவது புரோக்கரிடம் காட்ட வேண்டிய பிணைத்தொகை, இரண்டிலும் ஒவ்வொரு லாட் கொண்ட ஒரு ஜோடிக்குச் சுமார் நான்கரை லட்சம், இரண்டு ஜோடிக்கு ஒன்பது. 2021 செப்டம்பரிலிருந்து அன்றாட டிரேடுக்கும் முழு மார்ஜின் காட்ட வேண்டும், முன்பு போல ஐந்து மடங்கு, பத்து மடங்கு சலுகை கிடையாது. ஆக பதினொன்றரையில் ஒன்பது மார்ஜினுக்குப் போனால் மீதி இரண்டரை லட்சம். இறக்கம் 1.95 தானே, அரை லட்சம் கையில் நிற்கிறதே என்பது அவர் கணக்கு. கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. 13 என்ற எண்ணின் மேல் அவ்வளவு பாரம் ஏற்றலாமா என்பதுதான் கேள்வி.

முதல் கலைப்பு

240 டிரேடுகளும் அப்படியே இருக்கட்டும். வரிசையை மட்டும் சீட்டுக் குலுக்குவது போலக் கலைத்து, ஒவ்வொரு முறையும் அதிகபட்ச இறக்கத்தை எழுதிக்கொண்டு, இதைப் பத்தாயிரம் முறை செய்வது. மருமகன் ஏற்கெனவே செய்து வைத்திருந்தார். புரோகிராம் சரியா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு: எடுத்ததைத் திருப்பிப் போடாமல் கலைக்கும்போது கூட்டுத்தொகை மாறாது. பத்தாயிரம் கோடுகளும் வெவ்வேறு வழியில் அலைந்தாலும் கடைசியில் 29 ஆரில் ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் எங்கோ டிரேடு விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. அவருடையது சரியாகச் சேர்ந்தது.

நடுமத்தி, அதாவது பாதிக் கலைப்புகள் அதற்குக் கீழே நிற்கும் இறக்கம், 15.5 ஆர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கலைப்புகள் 25 ஆருக்குள் அடங்கின. உண்மையில் நடந்த 13 ஆர், நடந்திருக்கக்கூடிய வரிசைகளில் கொஞ்சம் அதிர்ஷ்டமான பக்கம்.

மாமாவுக்கு இது ஒப்பவில்லை. "நடந்தது பதிமூணு. நடக்காத இருபத்தஞ்சுக்கு ஏன் மாப்ள பயப்படணும்?" என்றார். மருமகன் தாளில் 2022-ன் இரண்டு மாதங்களைக் காட்டினார். ஒரு மாதத்தில் எட்டு நஷ்டம், இன்னொன்றில் ஆறு. நடுவில் ஒரே ஒரு நல்ல வாரம். "இந்த வாரம் மட்டும் ரெண்டு மாசம் தள்ளி வந்திருந்தா, மாமா? அதே டிரேடுதான், அதே மொத்தம்தான்." மாமா தாளை வாங்கி அந்த வாரத்தைக் கையால் மறைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

எதைக் கலைக்கிறோம் என்பதில் இருந்த ஓட்டை

எனக்கு உறுத்தியது வேறு. தாளில் ஒரே தேதியில் இரண்டு வரிகள், இரண்டிலும் −1. கலைத்த பிறகு அவற்றில் ஒன்று 30-வது வரியில், மற்றது 171-ல். நிஜத்தில் இது நடக்கவே நடக்காது. நிஃப்டி காலையில் உடைத்துவிட்டுத் திரும்பினால், பெரும்பாலும் பேங்க் நிஃப்டியும் திரும்பும். வங்கிப் பங்குகள் நிஃப்டியிலேயே பெரிய பங்கு. இரண்டு நஷ்டமும் ஒரே காரணத்தால் ஒரே மணி நேரத்தில் வருபவை. தனித்தனி டிரேடாகக் கலைத்தால் அந்த ஒட்டுறவு அறுந்து, நஷ்டம் தாள் முழுக்கப் பரவலாகத் தூவப்பட்டுவிடுகிறது. இறக்கம் உண்மையைவிடச் சின்னதாகத் தெரிகிறது.

ஒட்டுறவு நிஜமா, நம் கற்பனையா என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். 150 நாட்களில் 90 நாட்கள் இரண்டிலும் டிரேட் இருந்தது. பத்துக்கு ஆறு நஷ்டம் என்ற விகிதத்தில், இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து தோற்கும் நாட்கள் 32 அளவில் இருக்க வேண்டும். இருந்தது 45. இரண்டும் ஜெயித்தது 27 நாள். ஒன்று ஜெயித்து ஒன்று தோற்றது 18 மட்டும். இதற்குமேல் புள்ளியியல் சோதனை எதுவும் தேவைப்படவில்லை.

ஆகவே கலைக்க வேண்டிய அலகு டிரேட் இல்லை, நாள். ஒரு நாளின் டிரேடுகளைக் கூட்டி ஒரே எண்ணாக்கி, அந்த 150 எண்களைக் கலைக்க வேண்டும். `df` என்பது `date`, `r` பத்திகள் கொண்ட டிரேட் தாள். புரோகிராமில் மாற்றம் ஒரு வரிதான்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)

def max_dd(x):
    eq = np.concatenate(([0.0], np.cumsum(x)))
    return (np.maximum.accumulate(eq) - eq).max()

day_r = df.groupby("date")["r"].sum().to_numpy()
dd = [max_dd(rng.permutation(day_r)) for _ in range(10000)]
print(np.percentile(dd, [50, 95, 99]))
```

`eq` பூஜ்யத்தில் தொடங்குவதைக் கவனிக்கவும். அது இல்லாவிட்டால் முதல் நாளே வரும் நஷ்டம் இறக்கத்தில் சேராமல் போகும். லைவ் போகிறவருக்கு முதல் வாரத்து நஷ்டம்தான் மிகவும் வலிப்பது.

நாள்வாரியாகக் கலைத்ததும் நடுமத்தி 20 ஆர், தொண்ணூற்றைந்து சதவீத எல்லை 32 ஆர், தொண்ணூற்றொன்பது 38. டிரேடுகள் அவையே, மொத்தமும் அதே 29. அலகு மாறியதில் மட்டும் எல்லை 25-லிருந்து 32 ஆனது. 13 ஆரோ அதற்குக் குறைவாகவோ இறங்கிய கலைப்புகள் நூற்றில் எட்டோ ஒன்பதோதான்.

நாட்களுக்கிடையிலும் ஒட்டுறவு இருந்தால் இதுவும் போதாது. நஷ்ட மாதம் என்று ஒன்று உண்மையில் இருக்குமானால், நாளைக் கலைப்பதும் அதை உடைத்துவிடும். மாதத்தை அப்படியே ஒரு கட்டாக வைத்து மாதங்களைக் கலைத்தும் பார்த்தோம். 33 வந்தது. வித்தியாசம் பெரிதில்லை என்பதால் நாள்வாரிக் கணக்கோடு நின்றோம். போக்கைப் பின்தொடரும் முறைகளில் பல வாரங்கள் பொசிஷன் இருக்கும், அங்கே இந்தச் சோதனையைச் செய்யாமல் விடக் கூடாது.

முதல் வருடம் எப்படியிருக்கும்

32 ஆர் என்பது நான்கு வருட நீளத்துக்கான எண். இறக்கத்தின் எல்லை டிரேடுகளின் எண்ணிக்கையோடு வளரும். மாமாவுக்குத் தெரிய வேண்டியது இந்த வருடம் என்ன ஆகும் என்பது. வருடத்துக்கு 37 நாள் என்று வைத்து, 150-லிருந்து 37-ஐத் திருப்பிப் போட்டுப் போட்டு எடுத்தோம். இந்த வகையில் மொத்தமும் மாறும் என்பதால் இன்னொன்றும் தெரியவரும்: வருடமே நஷ்டத்தில் முடியும் வாய்ப்பு.

நடுமத்தி இறக்கம் பதினொன்றரை ஆர், தொண்ணூற்றைந்து சதவீத எல்லை 21 ஆர். வருடம் நஷ்டத்தில் முடிந்தது மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான முறை. லாபமுள்ள முறை என்று நான்கு வருடம் காட்டிய ஒன்றுக்கு இது. மாமா இந்த எண்ணில்தான் அதிக நேரம் நின்றார். 2022 முதல் 2024 வரையான நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் என்று செபி 2024 செப்டம்பரில் சொன்னதை அவர் படித்திருந்தார். அதைவிட இந்த மூன்றில் ஒன்று அவருக்கு உறைத்தது, தன் சொந்தத் தாளிலிருந்து வந்தது என்பதால்.

முடிவும் காரணமும்

இரண்டு லாட் திட்டத்தில் கையில் மிஞ்சுவது இரண்டரை லட்சம், அதாவது 16.7 ஆர். அதற்கு மேல் இறங்கினால் பணம் தீராது, மார்ஜின் தீரும். அடுத்த நாள் இரண்டு ஜோடிக்கு ஆர்டர் போட முடியாது. பாதி அளவில் மீட்க வேண்டியிருக்கும். 'பணம் போச்சு' என்பதற்கு வெகு முன்னாலேயே இந்தச் சுவர் இருப்பதைப் பேக்டெஸ்ட் தாள் காட்டாது. வரும் லாபத்தை வெளியே எடுத்துவிடுவதாக வைத்துக்கொண்டால், கலைப்பில் இந்தச் சுவரை நான்கு வருடத்தில் தொட்டது நூற்றில் எழுபது முறைக்கு அருகில், முதல் வருடத்திலேயே ஆறில் ஒன்று.

ஒற்றை லாட்டில் ஒரு ஆர் 7,500. மார்ஜின் நான்கரை, 32 ஆருக்கு 2.4, மொத்தம் 6.9. கொஞ்சம் கூட்டி ஏழே கால் லட்சம் கணக்கில் போதும். மீதி நாலே கால் வங்கிக்கே திரும்பட்டும் என்று முடிவானது.

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. ஒற்றை லாட்டில் 29 ஆர் என்பது நான்கு வருடத்தில் 2.17 லட்சம், வருடத்துக்கு 54,000. ஏழே கால் லட்சத்துக்கு ஏழரை சதவீதம்கூட இல்லை. அப்போது வங்கி வைப்பு கிட்டத்தட்ட இதே அளவைத் தூங்கும்போதே தந்தது. மருமகன் மறுக்கவில்லை. ஒரு வருடம் உண்மையான ஆர்டர்களின் விலையைப் பார்த்தால்தான் அளவைக் கூட்டுவதா கைவிடுவதா என்று தெரியும், அதற்கான கட்டணமாக இதை வைத்துக்கொள்கிறோம் என்றார். நியாயமான பதில் என்றுதான் பட்டது.

நிறுத்தும் கோடு 21 ஆர், 1.57 லட்சம். அதைத் தாண்டினால் முறை கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, முறை நன்றாக இருந்தும் இருபதில் ஒரு வருடம் தாண்டும். ஆனால் அங்கே நின்று தாளைத் திரும்பப் பார்ப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு முன்னால் எந்த இறக்கத்துக்கும் நிறுத்துவதில்லை என்பதும் அதே தாளில்.

2025-ல் நடந்தது

ஜனவரியில் தொடங்கினார்கள். ஜூன் நடுவில் இறக்கம் 13 ஆரைத் தொட்டது. பழைய திட்டப்படி அது 'இதுவரை கண்டதில் மிக மோசமான' நிலை. மாமா அன்று மாலை தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி, கோடு எங்கே என்று. 21 என்றதும் வைத்துவிட்டார். ஜூலையில் 17 ஆர் வரை போனது. இரண்டு லாட்டில் இருந்திருந்தால் 2.55 லட்சம், சுவரைத் தாண்டியிருக்கும்.

அந்த மாதமே மழையில் மரம் விழுந்து இரண்டு முறை கரண்டும் நெட்டும் போயின. ஒருமுறை நுழைவதற்கு முன், அந்த நாள் முழுதாகத் தப்பியது. இன்னொரு முறை பொசிஷன் இருக்கும்போதே. ஸ்டாப்லாஸ் ஆர்டர் எக்ஸ்சேஞ்சில் நின்றதால் சேதமில்லை, மாலையில் புரோக்கரின் தானியங்கி முடிப்பு மீதியைப் பார்த்துக்கொண்டது. மலையில் இருந்து செய்கிறவர்கள் ஸ்டாப்பை மனதில் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

ஆகஸ்டுக்குப் பிறகு மெல்ல ஏறியது. வருடக் கடைசியில் 55 டிரேடுகள், மொத்தம் −2 ஆர், அதாவது 15,000 ரூபாய் நஷ்டம். கலைப்பு சொன்ன வீச்சுக்குள் வசதியாகவே அடங்கும் வருடம்.

கலைப்பு பார்க்க முடியாதது

வீச்சுக்குள் அடங்கியது என்பதால் எல்லாம் சரி என்று ஆகாது. ஒவ்வொரு நஷ்டத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தபோது சராசரி 1 ஆர் இல்லை, 1.07. விலை வேகமாகத் திரும்பும் நாட்களில் ஸ்டாப் ஆர்டர் ஐந்து, பத்து புள்ளி தள்ளி நிறைவேறியிருந்தது. சில நாட்களில் 1.3 வரை. எத்தனை முறை குலுக்கினாலும் பையில் இருக்கும் சீட்டுகள்தான் வெளியே வரும், 1.3 நஷ்டம் பையில் இல்லை. இதே காரணத்தால் 2020 மார்ச் 23 போன்ற நாளும் அதில் இல்லை. தரவு 2021-லிருந்துதான் தொடங்குகிறது. அன்று பத்து சதவீதம் இறங்கியதும் சந்தையே 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் ஸ்டாப் எங்கே நிறைவேறும் என்பதை எந்தக் கலைப்பும் சொல்லாது.

0.07 ஆர் சின்னதாகத் தெரியலாம். 144 நஷ்டங்களில் சேர்த்தால் பத்து ஆர். நான்கு வருட மொத்தம் 29-லிருந்து 19 ஆகிறது. திரும்பக் கலைத்தால் 32 ஆர் எல்லை 36 ஆகிறது. வருட வருமானம் 54,000-லிருந்து 35,000, போட்ட பணத்தில் ஐந்து சதவீதத்துக்கும் கீழே.

மாற்றியவை

மருமகன் இப்போது கலைப்பதற்கு முன்பே ஒவ்வொரு நஷ்டத்திலும் 0 முதல் 0.3 வரை, சராசரி 0.07 வரும்படி, தற்செயலாகக் கூட்டிவிடுகிறார், அளவை 2025 ஆர்டர் புத்தகத்திலிருந்து எடுத்து. கலைப்பின் அலகை முடிவுசெய்வதற்கு முன் அதே நாள் ஜோடிகளை எண்ணும் அட்டவணை அவருடைய ஒவ்வொரு சோதனையிலும் முதல் பக்கத்தில் இருக்கிறது.

பேங்க் நிஃப்டி டிரேட் நிறுத்தப்பட்டது. இறக்கத்தைக் கூட்டிய அளவுக்கு அது தனியாக எதையும் தரவில்லை. நிஃப்டியில் மட்டும், தாளிலேயே, நுழைவை லிமிட் ஆர்டராக மாற்றிச் சோதிக்கிறார்கள். ஏழே கால் லட்சத்தில் பெரும்பகுதியை மாமா ஜனவரியில் எடுத்துவிட்டார். பாதித் தோட்டத்துக்குக் கவாத்து செய்ய வேண்டியிருந்தது, அந்த வருடம் இலை குறையும் என்பது அவருக்கு முன்பே தெரியும்.